சாய்ந்த தொலைத்தொடுகோடு: முதல் உறுப்பை வகுத்ததும் நிறுத்தினால் வரும் தவறு

தங்கச்சிமடம், பாம்பன் பக்கத்துப் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்கு சொல்லித் தருகிறேன். விகிதமுறு சார்புகளின் சாய்ந்த தொலைத்தொடுகோட்டை, அதாவது x மிகப் பெரிதாகும்போது வளைவரை நெருங்கிக்கொண்டே போகும் சாய்ந்த நேர்கோட்டை, கண்டுபிடிப்பதில் ஒரே தவறு பல நோட்டுகளில் வருகிறது. இந்தச் சார்பை எடுத்துக்கொள்வோம்:

f(x) = (x² + 3x + 5) / (x + 1)

தொகுதியின் படி 2, பகுதியின் படி 1. படி சரியாக ஒன்று கூடுதல், அதனால் ஈவு ஒரு நேர்கோடாக வரும். "சார், x ரொம்பப் பெருசானா x²-ம் x-ம் மட்டும்தானே நிக்கும், மத்ததெல்லாம் கழிஞ்சிரும்ல? அப்ப y = x தானே?" என்று கேட்பார்கள்.

சாய்வு சரி, கோடு தவறு. x = 99 போட்டுப் பாருங்கள். தொகுதி 10103, பகுதி 100, மதிப்பு 101.03. y = x தருவதோ 99. x-ஐ எவ்வளவு கூட்டினாலும் இந்த இடைவெளி 2-க்குக் கீழே போகாது. 3x கழிந்துபோகவில்லை, 3x/(x + 1) என்பது 3-ஐ நெருங்குகிறது. அப்படியானால் y = x + 3-ஆ? அதுவும் இல்லை. x²/(x + 1) என்பதே x − 1 + 1/(x + 1) தான். அந்த −1-ம் 3-ம் சேர்ந்துதான் 2.

இதை மனக்கணக்காகப் போட்டால் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். நீள் வகுத்தல் எதையும் விடாது. x(x + 1) = x² + x; கழித்தால் 2x + 5. அடுத்து 2(x + 1) = 2x + 2; கழித்தால் மீதி 3.

f(x) = x + 2 + 3/(x + 1)

மூன்று கிலோ நண்டை x + 1 பேர் பங்கு போட்டால், ஆள் கூடக்கூடத் தலைக்கு வருவது சுண்டிப்போகும். கடைசி உறுப்பும் அப்படித்தான். x எதிர்ப்பக்கம் −∞ நோக்கிப் போனாலும் அது 0-ஐத்தான் நெருங்கும். வளைவரைக்கும் y = x + 2-க்கும் இடையில் இருக்கும் தூரமே அந்த உறுப்புதான், அதனால்தான் ஈவு மட்டும் தொலைத்தொடுகோடாகிறது. மீதியையும் சேர்த்து எழுதிவிட்டால் பழைய சார்பே திரும்பி வரும்.

வகுக்கும்போது இன்னோர் இடத்தில் சறுக்குவார்கள். (2x² − 7)/(x − 3)-இல் x உறுப்பே இல்லை. 2x² + 0x − 7 என்று இடம் விட்டு எழுதுங்கள். 0x-இலிருந்து −6x-ஐக் கழித்தால் +6x. இங்கே குறி மாறினால் 2x + 6 வரவேண்டிய இடத்தில் 2x − 6 வந்துவிடும். சந்தேகம் இருந்தால் x = 103 போடுங்கள்: சார்பு 212.11, 2x + 6 தருவது 212. மிச்சம் 0.11, அதாவது மீதி 11-ஐ 100-ஆல் வகுத்தது. 2x − 6 போட்டிருந்தால் 12-க்கு மேல் இடைவெளி விழுந்து தவறு அங்கேயே தெரிந்துவிடும்.

அப்புறம், தொலைத்தொடுகோட்டை வளைவரை வெட்டவே கூடாது என்று சிலர் நினைக்கிறார்கள். x³/(x² + 1)-ஐ வகுத்தால் ஈவு x, மீதி −x. மீதி 0 ஆகும் x = 0-இல் வளைவரை y = x-ஐ வெட்டிக்கொண்டுதான் போகிறது.