ஒரே பெட்டி, ஒரே விமானம், இரண்டு நாட்டு நீதிமன்றம்: பயண இழப்பீட்டில் சறுக்கும் இடங்கள்

முதலில் கணக்கைப் போட்டுக்கொள்வோம். கதை கற்பனைதான், ஆனால் தை மாதத்தில் காரைக்குடிப் பக்கம் நடக்காததும் அல்ல.

காரைக்குடி ஆச்சி ஒருவர், திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போய்த் திரும்பும் டிக்கெட்டில் மகன் வீட்டுக்குப் போயிருந்தார். மகனோ சிங்கப்பூரிலிருந்து வந்து திரும்பும் டிக்கெட்டை அங்கேயே, அந்நாட்டு விமான நிறுவனத்திடம் வாங்கினார். தங்கை கல்யாணத்துக்காக இருவரும் ஒரே விமானத்தில் வருகிறார்கள். இயந்திரக் கோளாறு என்று சொல்லி விமானம் எட்டு மணி நேரம் தாமதம். ஜனவரி 20 இரவு திருச்சியில் இறங்கும்போது மாப்பிள்ளை அழைப்பு முடிந்துவிட்டது. மகன் பெயரில் போட்ட பெட்டியும் வரவில்லை. அதற்குள் ஆச்சியின் இரண்டு பட்டுப் புடவைகள், சீருக்கான வெள்ளிக் குத்துவிளக்கு. பெட்டி பிப்ரவரி 5 அன்று வீடு வந்தது; மூடி உடைந்திருந்தது, குத்துவிளக்கைக் காணோம். பிப்ரவரி 20 அன்று மகன் நிறுவனத்துக்கு எழுதினார். யாருக்கு என்ன கிடைக்கும்?

இந்தியாவும் சிங்கப்பூரும் சேர்ந்திருக்கும் 1999 மான்ட்ரியல் உடன்படிக்கைதான் இதற்குச் சட்டம்.

பலரும் செய்யும் முதல் தவறு, விமான நிலையத்தில் பி.ஐ.ஆர். என்ற புகார்ப் படிவத்தை எழுதிக் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பது. அது பெட்டி வரவில்லை என்பதற்கான பதிவு. பிறகு பெட்டி எந்த நிலையில் கைக்கு வந்தது என்பதை அது சொல்லாது; அதற்குத் தனியாக எழுத வேண்டும். இங்கே இரண்டு கெடு ஓடுகின்றன. சேதம் என்றால் பெட்டி கைக்கு வந்ததிலிருந்து 7 நாள். தாமதம் என்றால் 21 நாள். ஞாயிறு, பண்டிகை எல்லாம் கணக்கில் சேரும். மகன் எழுதியது பதினைந்தாம் நாள். ஆகவே பெட்டி தாமதமாக வந்ததற்கான கோரிக்கை பிழைக்கிறது, உடைந்த மூடிக்கான கோரிக்கை போயிற்று. குத்துவிளக்கு காணாமல் போனதையும் சேதமாகப் பார்க்க இடமுண்டு. அதனால் அதுவும் ஆபத்தில்தான். கல்யாண வீட்டில் பெட்டியைப் பிரிக்கவே நேரமிருக்காது, உண்மைதான். ஆனால் வந்த அன்றே திறந்து, படம் எடுத்து, ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தால் போதும்.

பெட்டி 21 நாள் வரை வராமலே போயிருந்தால் கதை வேறு. அப்போது அது தொலைந்ததாகவே கருதப்படும்.

அடுத்து பணம். 2024 டிசம்பர் 28 முதல் உடன்படிக்கையின்படி சாமானுக்கு உச்சவரம்பு ஒரு பயணிக்கு, சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகான எஸ்.டி.ஆரில், 1,519 எஸ்.டி.ஆர்.; ரூபாயில் ஒன்றரை லட்சத்துக்கு மேல். இதை முழுசாகத் தருவார்கள் என்று நினைத்துக்கொண்டு வருபவர்கள் அதிகம். இது கூரை, கூலி அல்ல. நிரூபித்த நஷ்டம் மட்டுமே கிடைக்கும். காரைக்குடிக் கடையில் அவசரமாக வாங்கிய மாற்றுப் புடவைக்கு பில் இருக்கிறதா? இருந்தால் கேட்கலாம். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது: வரம்பு பெட்டிக்கு அல்ல, ஆளுக்கு. ஒருவர் பெயரிலுள்ள பெட்டியில் இன்னொரு பயணியின் பொருள் இருந்தால், அதை நிரூபிக்கும் அவரும் தன் வரம்பில் கேட்கலாம் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2012-ல் தீர்ப்பளித்தது. நம் நாட்டு நீதிமன்றத்தை அது கட்டுப்படுத்தாது. ஆனால் ஆச்சியின் வாதத்துக்கு நல்ல துணை.

விமானம் தாமதமானதற்கு வரம்பு 6,303 எஸ்.டி.ஆர். அங்கேயும் மணிக்கு இவ்வளவு என்ற கணக்கு கிடையாது. காத்திருந்த டாக்ஸிக்குக் கொடுத்த தொகையைக் கேட்கலாம். சடங்கைப் பார்க்க முடியாத வருத்தத்துக்கு இந்த உடன்படிக்கையில் பணம் பெறுவது கடினம். 'இயந்திரக் கோளாறு' என்ற ஒற்றை வார்த்தையோடு நிறுவனம் தப்பிவிட முடியாது. தாமதத்தைத் தவிர்க்க நியாயமான எல்லாவற்றையும் செய்தோம் என்று அதுதான் நிரூபிக்க வேண்டும்.

இனி எங்கே வழக்குப் போடுவது? நிறுவனம் இருக்கும் நாடு, அதன் எந்த அலுவலகம் மூலம் டிக்கெட் வாங்கப்பட்டதோ அந்த நாடு, பயணம் சேரும் நாடு, இவற்றில் ஒன்றில். போய்த் திரும்பும் டிக்கெட்டில் சேரும் இடம் என்பது கடைசியில் திரும்பும் இடம். ஆச்சிக்கு அது திருச்சி. எனவே இந்தியாவில், நுகர்வோர் ஆணையத்திலேயே போகலாம். பக்கத்து இருக்கையில் வந்த மகனுக்கோ அது சிங்கப்பூர். டிக்கெட்டும் அங்கே வாங்கியது, நிறுவனமும் அந்த ஊருடையது. ஆகவே சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் அவர் பெயரில் போட்டால் அதிகார வரம்பு இல்லை என்று தள்ளிவிடும் வாய்ப்பே அதிகம். தள்ளப்பட்டதே தெரியாமல் நாளைக் கடத்தினால், விமானம் இறங்கிய நாளிலிருந்து இரண்டு வருடத்தில் உரிமையும் போய்விடும்.