புகார் வருவது நின்றுவிட்டதா? பயன்பாட்டுக் கணக்கைப் பாருங்கள்

நீண்ட நாள் வாடிக்கையாளர் நிறுவனம் குறை சொல்வதை நிறுத்திவிட்டால் நிம்மதி அடைய வேண்டாம். குறை சொல்பவர் இன்னும் உங்கள் சேவையைப் பயன்படுத்துகிறார். விலகப் போகிறவர்கள் பெரும்பாலும் சத்தம் போடுவதில்லை. மாதாந்திரக் கூட்டத்தைத் தள்ளிப்போடுவார்கள், அப்புறம் மேலாளருக்குப் பதிலாக ஓர் இளநிலை ஊழியர் வருவார்.

ஒப்பந்தத்தில் விலகல் அறிவிப்புக்கு 60 நாள் என்றிருந்தால், புதுப்பிப்புத் தேதியை மட்டும் குறித்துவைத்துப் பயனில்லை. அவர்கள் முடிவெடுப்பது அந்த 60 நாளுக்கும் முன்னால். ஆகவே புதுப்பிப்புக்கு 120 நாள் இருக்கும்போதே பயன்பாட்டுக் கணக்கை எடுங்கள்.

50 பேருக்கு மென்பொருள் உரிமம் வாங்கிய நிறுவனத்தில் 31 பேர்தான் உள்நுழைகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இந்த நேரத்தில் கூடுதல் வசதியை விற்கப் போனால், "மீதி 19 உரிமம் எதற்கு?" என்ற கேள்விதான் வரும். முதலில் அந்த 19 பேர் எந்தப் பிரிவு என்று பாருங்கள். ஒரே பிரிவு என்றால் பயிற்சி கிடைக்காமல் போயிருக்கலாம். அதை உடனே நடத்துங்கள். ஆட்களே குறைந்துவிட்டார்கள் என்றால், 35 உரிமமாகக் குறைத்துக்கொள்ளலாம் என்று நீங்களே சொல்லி, பதிலுக்கு இரண்டு வருட ஒப்பந்தம் கேளுங்கள். வருமானம் குறையும்தான். ஆனால் நிதிப் பிரிவு அந்த 19ஐத் தானே கண்டுபிடித்தால் பேச்சு விலையோடு நிற்காது, வேறு நிறுவனத்திடம் விலைப்புள்ளி கேட்பதில் போய் முடியும்.

இருக்கும் வாடிக்கையாளரிடம் கூடுதலாக விற்கும் மேல்விற்பனைக்கும் இதே கணக்குதான் வழிகாட்டி. அந்த 31 பேர் மாதாமாதம் சேமிப்பிட வரம்பை எட்டுகிறார்களா? அப்படியானால் கூடுதல் சேமிப்பிடத்தைப் பற்றி மட்டும் பேசுங்கள்.