துக்க வீட்டுச் செலவை முன்கூட்டியே கணக்கிடுவது எப்படி?

ஒரு மரணத்துக்கான செலவு ஒரே நாளில் வருவதில்லை. குமரி மாவட்டத்து இந்துக் குடும்பங்களில் பொதுவாக அது அடக்க நாள், சஞ்சயனம், பதினாறாம் நாள் அடியந்திரம் என மூன்று தவணைகளில் வருகிறது. முதல் தவணைக்கு அவகாசமே கிடையாது, கடைசித் தவணைக்கு இரண்டு வாரம் இருக்கிறது. சேமிப்பு எவ்வளவு வேண்டும் என்பதை இந்த வித்தியாசமே தீர்மானிக்கிறது.

படி 1: விலையை இப்போதே விசாரியுங்கள்

உங்கள் ஊரில் பந்தல் போடுபவர், குளிர்பெட்டி வாடகைக்கு விடுபவர், சமையல்காரர் ஆகிய மூவரிடமும் இன்றைய விலையைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி, ஆண்டுக்கு ஒரு முறை திருத்துங்கள். வீட்டில் முதியவர் இருக்கும்போது இப்படிக் கேட்பது அபசகுனம் என்று சிலர் தயங்குவார்கள். அவர்கள் வேறொரு வீட்டு விசேஷத்துக்கு என்று சொல்லிக் கேட்டாலும் அதே விலைதான் கிடைக்கும்.

படி 2: மூன்று தவணைகளாகப் பிரியுங்கள்

குலசேகரம் பக்கம், தாயும் மூன்று பிள்ளைகளும் உள்ள ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். இங்குள்ள தொகைகள் கணக்கைக் காட்டுவதற்காக மட்டுமே. உங்கள் ஊர் விலையை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

அடக்க நாளில் குளிர்பெட்டி 3,500, பந்தலும் நாற்காலியும் 6,000, கட்டன் சாயா, பன், தண்ணீர் 4,000, கோடியும் மாலையும் 3,000, வண்டி 2,500 ரூபாய். சொந்த விளையிலேயே எரியூட்டுவதாக இருந்தால் விறகு, கதம்பை, ஆள்கூலி சேர்த்து 9,000. மொத்தம் 28,000 ரூபாய். சஞ்சயனத்துக்கு 5,000. அடியந்திரத்துக்கு 250 இலை, இலைக்கு 180 வீதம் 45,000, பந்தலுக்கும் சடங்குக்கும் 20,000, ஆக 65,000. மூன்றும் சேர்ந்து 98,000 ரூபாய்.

இதில் மூன்றில் இரண்டு பங்கு அடியந்திரத்தில்தான் இருக்கிறது. இலையை 150 ஆகக் குறைத்தால் 18,000 ரூபாய் குறையும், ஆனால் குளிர்பெட்டியில் பேரம் பேசினால் சில நூறுகூட மிஞ்சாது. ஆகவே சிக்கனத்தைப் பற்றிய பேச்சு அழைப்புப் பட்டியலில் தொடங்க வேண்டும், அதுவும் உறவினர்கள் கூடிநிற்கும் முதல் நாளில் அல்லாமல் சஞ்சயனம் முடிந்த பிறகு.

கிறிஸ்தவக் குடும்பங்களில் விறகின் இடத்தில் பெட்டியும் கல்லறைக் குழியும் வரும். சபைக்கோ பங்குக்கோ வரி பாக்கி இருந்தால் அதை முன்பே தீர்த்துவிடுவது நல்லது.

படி 3: கையிருப்பின் அளவைத் தீர்மானியுங்கள்

முழு 98,000 ரூபாயையும் சேர்த்து வைக்க வேண்டியதில்லை. முதல் இரண்டு தவணைகளான 33,000 ரூபாய் கையில் இருந்தால் போதும். மூன்று பிள்ளைகளும் மாதம் ஆயிரம் போட்டால் ஓராண்டில் 36,000 சேர்ந்துவிடும். இந்தத் தொகை இல்லாத வீட்டில், அடக்க நாள் காலையில் யார் பணம் தருகிறாரோ அவர் சொல்வதே வட்டியாகிறது. நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய் வட்டிக்கு 28,000 வாங்கினால், முதலில் ஒரு ரூபாயும் குறையாமல் ஆண்டுக்கு 16,800 வட்டியாக மட்டும் போகும். அடியந்திரத்துக்கோ, சீட்டை எடுக்கவும் உடன்பிறந்தாரிடம் பங்கு கேட்கவும் நாள் இருக்கிறது.

படி 4: யார் பெயரில் வைப்பது?

பலர் சறுக்குவது இங்கேதான். அம்மாவின் செலவுக்கு என்று அம்மாவின் கணக்கிலேயே பணத்தைப் போட்டுவைப்பார்கள். மரணச் செய்தி தெரிந்ததும் வங்கி அந்தக் கணக்கை நிறுத்திவிடும். நியமனதாரர் இருந்தாலும் இறப்புச் சான்றிதழ் கொடுத்த பிறகே பணம் கைக்கு வரும். இறந்தவரின் ஏ.டி.எம். அட்டையில் பணம் எடுப்பது முறையும் அல்ல, பின்னாளில் வாரிசுகளுக்குள் வழக்காகவும் மாறலாம். ஆகவே பிள்ளைகளில் இருவர் பெயரில், யார் வேண்டுமானாலும் தனியாக எடுக்கும்படி ஒரு கூட்டுக் கணக்கு தொடங்குங்கள். அதில் 10,000 ரூபாயை மட்டும் ரொக்கமாக வீட்டில் வைத்திருங்கள், ஏனெனில் விறகு வெட்டுபவருக்கும் வண்டிக்காரருக்கும் நடு இரவிலும் காசு கொடுக்க வேண்டியிருக்கும்.

படி 5: ஒரு கை, ஒரு நோட்டு

பணம் கொடுப்பவர் ஒருவராகவே இருக்கட்டும். மூத்தவர் பந்தலுக்குச் சொல்லியிருக்க இளையவரும் வேறொருவருக்கு முன்பணம் கொடுத்துவிடுவது சாதாரணமாக நடக்கிறது. நோட்டில் ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் தென்பட்டால் அன்று மாலைக்குள்ளேயே ஒன்றை நிறுத்திவிடலாம்.

ரசீதுகளையும் அதே நோட்டில் செருகி வையுங்கள். இறந்தவர் முந்திரி ஆலை போன்ற இடத்தில் இ.எஸ்.ஐ. காப்பீடு பெற்ற தொழிலாளியாக இருந்தால், இறுதிச் சடங்குக்கு ஆன செலவில் அதிகபட்சம் 15,000 ரூபாய் வரை திரும்பக் கிடைக்கும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனையில் மரணம் நேர்ந்தால் 155377 என்ற எண்ணில் இலவச அமரர் ஊர்தியைக் கேட்கலாம். மேற்சொன்ன கணக்கில் வண்டிக்கான 2,500 மிஞ்சும். இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்தால் தாமதக் கட்டணம் இல்லை, அடியந்திர வேலைகளில் இது மறந்துபோகாமல் நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். உதவித்தொகைகள் பின்னால்தான் வரும் என்பதால், 33,000 ரூபாயில் அவற்றைக் கழித்துப் பார்க்காதீர்கள். வரும்போது கூட்டுக் கணக்கிலேயே திரும்பப் போட்டுவிடுங்கள்.