லாவெண்டர் எண்ணெயில் லினலூல் அளவை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நறுமண எண்ணெய்த் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள், நாங்கள் வந்த புதிதில் செய்த அதே பிழைகளை ஒன்று விடாமல் செய்வதை வகுப்புகளில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எண்ணெயை நீர்க்காமல் தோலில் தடவுவது, பிளாஸ்டிக் புட்டியில் ஊற்றி வைப்பது போன்றவற்றை எல்லோரும் சொல்லிவிடுவதால் அவற்றை விட்டுவிடுகிறேன். அமைதிக்காகவும் உறக்கத்திற்காகவும் லாவெண்டர் எண்ணெயை வாங்குகிறவர்கள் பணத்தையும் வாடிக்கையாளரின் நம்பிக்கையையும் சேர்த்து இழக்கும் தவறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

## லினலூல் சதவீதத்தை மட்டும் படிப்பது

வீட்டிலேயே உறக்கத் தைலம் தயாரித்து விற்கும் ஒரு பெண்மணி, தாம் மொத்தமாக வாங்கிய லாவெண்டர் எண்ணெயில் லினலூல் முதலிய மணப்பொருள்கள் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆய்வறிக்கையுடன் என்னிடம் வந்தார். “சார், லினலூல் 33 சதவீதம் இருக்கிறது. முன்பு வாங்கியதில் 31தான் இருந்தது. ஆனால் இதைப் போட்டால் தூக்கம் வரவில்லை, மூக்குத்தான் திறக்கிறது என்கிறார்களே” என்றார். விற்றவர் லினலூல் சதவீதத்தை மட்டும் அடிக்கோடிட்டு அனுப்பியிருந்தார்; அந்தப் பெண்மணியும் அதை மட்டுமே படித்திருந்தார்.

இரண்டு அறிக்கைகளையும் அருகருகே வைத்து மற்ற வரிகளையும் படித்தோம். பழைய எண்ணெயில் லினலைல் அசிடேட் 36 சதவீதம், கற்பூரம் 0.3, சினியோல் 0.6 என்று இருந்தது. புதிய எண்ணெயில் லினலைல் அசிடேட் 29, கற்பூரம் 7, சினியோல் 5.5. புட்டியின் மேல் லாவெண்டர் என்றே அச்சிட்டிருந்தாலும், உள்ளே இருந்தது லாவண்டின், பெரும்பாலும் அதன் குரோசோ வகை. லாவெண்டர் என நாம் மருந்துக்குக் கொள்ளும் லாவண்டுலா அங்குஸ்டிஃபோலியாவும், ஸ்பைக் லாவெண்டர் எனப்படும் லாவண்டுலா லாட்டிஃபோலியாவும் கலந்து பிறந்த கலப்பினம் லாவண்டின். ஒரே பரப்பளவில் பல மடங்கு எண்ணெய் தருவதால் பிரான்சின் புரோவான்ஸ் பகுதியில் அது பெருமளவில் பயிராகிறது, விலையும் குறைவு. லாட்டிஃபோலியாவின் பக்கத்திலிருந்து கற்பூரமும் சினியோலும் அதற்கு வந்து சேர்கின்றன. சினியோல் என்பது யூகலிப்டஸ் தைலத்தின் முதன்மைப் பொருள் என்பதை நினைவில் வைத்தால், வாடிக்கையாளர்கள் மூக்கு திறக்கிறது என்று சொன்னதன் காரணம் விளங்கும்.

லினலூல் அமைதி தருகிறது என்பதற்கு நல்ல அடிப்படை உண்டு. 1991-இல் வியன்னாவில் நடந்த ஆய்வில் லாவெண்டர் எண்ணெய், லினலூல், லினலைல் அசிடேட் ஆகிய மூன்றின் ஆவியுமே சுண்டெலிகளின் நடமாட்டத்தைக் குறைத்தன. 2018-இல் ஜப்பானின் ககோஷிமா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், லினலூலின் மணத்தை நுகர்ந்த சுண்டெலிகளில் பதற்றம் குறைவதையும், மோப்பத் திறன் நீக்கப்பட்ட சுண்டெலிகளில் அந்த விளைவு தோன்றாததையும் காட்டினார்கள். அதாவது விளைவு மூக்கின் வழியாக நிகழ்கிறது. அந்த மணத்தோடு வேறு எந்த மணம் சேர்ந்து வருகிறது என்பதும் அதனால் முக்கியமாகிறது. 1987-இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில், சினியோல் மிகுந்த ரோஸ்மேரி எண்ணெயை நுகர்ந்த சுண்டெலிகள் கூடுதலாக ஓடியாடின. ஆகவே லினலூல் அளவு ஏறக்குறைய சமமாக உள்ள இரண்டு எண்ணெய்களில், ஒன்று லினலூலுக்குத் துணையாக அசிடேட்டைக் கொண்டு வருகிறது. மற்றொன்று எதிர்த்திசையில் இழுக்கும் பொருள்களையும் சேர்த்துக் கொண்டு வருகிறது.

அந்தப் பெண்மணியின் தைலத்தில் எண்ணெய் 2 சதவீதம். நூறு கிராம் தைலத்தில் இரண்டு கிராம் எண்ணெய் என்றால், பழைய எண்ணெயிலிருந்து வந்த கற்பூரம் 6 மில்லிகிராம். புதியதிலிருந்து வந்தது 140 மில்லிகிராம், இருபது மடங்குக்கும் மேல். சளித் தைலத்தின் மணத்தோடு வளர்ந்த நம் வாடிக்கையாளர்களுக்கு அந்த மாற்றம் முதல் மூச்சிலேயே தெரிந்துவிடுகிறது. மணம் மாறியது மட்டுமல்ல, கைக்குழந்தைகளுக்கும் வலிப்பு நோய் உள்ளவர்களுக்கும் கற்பூரம் ஆபத்தானது என்பதால், குழந்தைகளுக்கும் பூசலாம் என்று அவர் அச்சிட்டிருந்த சிட்டையையும் உடனே நிறுத்த வேண்டியிருந்தது.

இந்தத் தவறு என்னை இன்றும் எரிச்சலூட்டுவதற்குக் காரணம், தவிர்ப்பதற்குத் தேவையான எல்லாமே வாங்குகிறவர் கையில் இருக்கும் அதே தாளில் அச்சாகி இருப்பதுதான். லினலூல் சதவீதம்தான் அளவுகோல் என்றால், லினலூல் 35 முதல் 50 சதவீதம் வரை செல்லக்கூடிய ஸ்பைக் லாவெண்டர் எண்ணெய்தான் உறக்கத்திற்கு முதலிடம் பெற வேண்டும். ஆனால் அதில் லினலைல் அசிடேட் பெயரளவுக்குத்தான் உள்ளது; சினியோல் பல நேரங்களில் கால் பங்கை எட்டுகிறது; கற்பூரமும் பத்து சதவீதத்தை ஒட்டி நிற்கிறது.

எனவே அறிக்கையை முதலில் கற்பூரத்திலிருந்து படியுங்கள். லாவெண்டர் எண்ணெய்க்கு ஐரோப்பிய மருந்துத் தரநூல் அனுமதிக்கும் உச்ச வரம்பு கற்பூரத்திற்கு 1.2 சதவீதம், சினியோலுக்கு 2.5 சதவீதம். இந்த இரண்டும் தேறிய பிறகு லினலைல் அசிடேட்டைப் பாருங்கள். லினலூலைக் கடைசியில் பாருங்கள். கற்பூரம் குறைவாகவும், லினலூல் மிக அதிகமாகவும், அசிடேட் 25 சதவீதத்திற்குக் கீழாகவும் இருந்தால், வடிப்பானில் பூக்கள் நெடுநேரம் கொதிநீரில் கிடந்திருக்கலாம் என்று ஐயப்படுங்கள். அசிடேட் சூட்டிலும் நீரிலும் உடைந்து லினலூலாக மாறும். அப்போது உயரும் லினலூல் எண் எண்ணெயின் சிறப்பைக் காட்டுவதில்லை.

லாவண்டினுக்கு அமைதிப்படுத்தும் குணமே கிடையாது என்று நான் சொல்லவில்லை. அறுவை சிகிச்சைக்கு முன் நோயாளிகளின் பதற்றத்தை அது குறைத்ததாக 2009-இல் ஓர் ஆய்வு வெளிவந்துள்ளது. பகல் நேரப் பதற்றத்திற்கும் தசை வலித் தைலத்திற்கும் சோப்புக்கும் அது ஏற்ற எண்ணெய்தான். அதன் பெயரைச் சொல்லி, அதன் விலைக்கு விற்கட்டும் என்பதே என் வாதம்.

## கலப்பினத்தைக் கீமோடைப் என்று அழைப்பது

விற்பனையாளர்கள் சிலர் லாவண்டினை “கற்பூரக் கீமோடைப் லாவெண்டர்” என்று எழுதுகிறார்கள். ஒரே இனத்தைச் சேர்ந்த செடிகள், தோற்றத்தில் ஒன்றுபோல் இருந்தும் எண்ணெயின் வேதிப்பொருளில் நிலையாக வேறுபடுவதைத்தான் கீமோடைப் என்கிறோம். தென் பிரான்சின் தைம் செடி இதற்குத் தெளிவான சான்று: ஒரே இனத்தில் தைமால் மிகுந்த செடியும் உண்டு, லினலூல் மிகுந்த செடியும் உண்டு.

அங்குஸ்டிஃபோலியாவுக்குள் காணும் வேறுபாடு, கற்பூரம் திடீரென ஏழு சதவீதத்திற்குத் தாவும் வேறுபாடு அல்ல. லினலூலுக்கும் அசிடேட்டுக்கும் உள்ள விகிதம் முன்பின்னாக அசைவதே பெரும்பாலும் அங்கே நிகழ்கிறது. மையெட் போன்ற நகல் வகைகள் தண்டு வெட்டி நட்டு வளர்க்கப்படுவதால் ஆண்டுக்கு ஆண்டு ஏறக்குறைய ஒரே மணம் தருகின்றன. ஓட்-புரோவான்ஸ் எண்ணெய்க்கு 1981-இல் வழங்கப்பட்ட பிறப்பிடச் சான்று, விதையிலிருந்து வளர்ந்த, 800 மீட்டருக்கு மேல் பயிரான லாவெண்டரைக் கோருகிறது. அங்கே ஒவ்வொரு செடியும் சற்று வேறு என்பதால் ஒவ்வொரு வடிப்பும் சற்று வேறுபடும். ஆகவே தாவரப் பெயரும் தொகுதி எண்ணும் இல்லாத அறிக்கையை ஏற்காதீர்கள்.

## எண்கள் சரியாக இருந்தால் எண்ணெய் இயற்கையானது என்று நம்புவது

ஆலையில் செய்த லினலூலையும் அசிடேட்டையும் சேர்த்தால் எந்தச் சதவீதத்தையும் அறிக்கையில் வரவழைக்கலாம். லாவெண்டரின் லினலூல் பெரும்பாலும் இடக்கை வடிவம். ஆலை லினலூலில் இடக்கை, வலக்கை வடிவங்கள் பாதிக்குப் பாதி இருக்கும். சாதாரணச் சோதனை இரண்டையும் ஒன்றாகவே எண்ணும். பெரிய தொகைக்கு வாங்கும்போது இரண்டையும் பிரித்துக் காட்டும் கைரல் சோதனையைக் கேளுங்கள்.

## பாதி காலியான பழைய புட்டி

அதிலுள்ள எண்ணெயைத் தோலுக்குப் பயன்படுத்தாதீர்கள், காற்றுப்பட்ட லினலூல் ஒவ்வாமை தரும் பெராக்சைடுகளாக மாறுகிறது.

## காப்ஸ்யூல் ஆய்வை நுகரும் புட்டிக்குச் சொந்தமாக்குவது

ஜெர்மனியில் சிலெக்சான் என்ற அங்குஸ்டிஃபோலியா எண்ணெய் 80 மில்லிகிராம் காப்ஸ்யூலாக, பதற்றத்திற்கான மருந்தாக அனுமதி பெற்றுள்ளது. 2010-இல் வெளிவந்த ஆறு வார ஆய்வில் அது 0.5 மில்லிகிராம் லோராசெபாம் என்ற பதற்றத் தணிப்பு மருந்துக்கு இணையாகச் செயல்பட்டது. அந்த முடிவு, வரையறுத்த கலவையை வரையறுத்த அளவில் விழுங்கியவர்களைப் பற்றியது. அதைத் தலையணைத் தெளிப்பானின் சிட்டையில் அச்சிடுவதும், அந்த ஆய்வைக் காட்டிப் புட்டி எண்ணெயைச் சொட்டு சொட்டாகக் குடிக்கச் சொல்வதும் ஒரே அளவு தவறு.