பக்கத்து ஃபிளாட் டி.வி. சத்தம்: நாலரை அங்குலச் சுவரை என்ன செய்யலாம்?

வேலூரில் சத்துவாச்சாரி, காட்பாடி, பாகாயம் என்று எந்தப் பக்கம் போனாலும் அடுக்குமாடிகள் வந்துவிட்டன. அவற்றில் பலவற்றில் இரண்டு வீட்டுக்கும் நடுவே நிற்பது ஒரே ஒரு நாலரை அங்குலச் செங்கல் சுவர்தான். அந்தப் பக்கம் ஹாலில் சீரியல் ஓடினால் இந்தப் பக்கம் படுக்கையறையில் வசனம் கேட்கும். ஆஸ்பத்திரியில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர்களுக்கு இது தினமும் உள்ள தொல்லை. தாங்க முடியாமல் பலரும் கூம்பு கூம்பாக வெட்டிய மெல்லிய ஃபோமை ஆன்லைனில் வாங்கிச் சுவர் முழுக்க ஒட்டிவிடுகிறார்கள். பணம் போகிறது, சத்தம் அப்படியே இருக்கிறது.

ஏன் அப்படி, அதற்குப் பதிலாக என்ன செய்யலாம் என்பதை ஒரு சுவரை வைத்தே பார்ப்போம். சுவர் 12 அடி நீளம், 10 அடி உயரம், அதாவது சுமார் 11 சதுர மீட்டர். நாலரை அங்குலச் செங்கல், இரண்டு பக்கமும் சிமெண்ட் பூச்சு. அந்தப் பக்கம் டி.வி., இந்தப் பக்கம் கட்டில்.

ஃபோமை ஊதிப் பாருங்கள்

ஃபோம் துண்டை வாயருகே பிடித்து ஊதுங்கள். காற்று மறுபக்கம் வந்துவிடும். காற்று போகும் பொருளில் சத்தமும் போகும். அடுத்து எடையைப் பாருங்கள். ஒரு அங்குல ஃபோம் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கிலோகூட வராது. பூச்சோடு சேர்த்து நம் சுவர் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 250 கிலோ. 250 கிலோவைத் தாண்டி வரும் சத்தம், கூடுதலாக ஒட்டிய அரை கிலோவுக்கா நிற்கப்போகிறது?

ஃபோமுக்கு வேறு வேலை இருக்கிறது. அறைக்குள் பிறந்த சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி எதிரொலிப்பதை அது குறைக்கும். பாட்டு ரெக்கார்ட் செய்யும் அறையில் ஒட்டுவது அதற்காகத்தான். விற்பவர்கள் காட்டும் என்.ஆர்.சி. எண்ணும் இந்த உறிஞ்சும் திறனைச் சொல்வது. சுவரைத் தாண்டாமல் எவ்வளவு தடுக்கும் என்பதற்கு எஸ்.டி.சி. என்று வேறு எண் உண்டு. கடையில் அதைக் கேளுங்கள். ஃபோமுக்கு அந்த எண்ணை யாரும் காட்ட மாட்டார்கள். இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சாதாரண பாலியூரித்தேன் ஃபோம் தீப்பிடித்தால் வேகமாக எரிந்து நச்சுப் புகை விடும். படுக்கையறைச் சுவர் முழுக்க அதை ஒட்டும்படி நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

எடை, பிரிப்பு, உறிஞ்சல்

முதலில் எடை. சத்தம் என்பது காற்று சுவரைத் தள்ளி ஆட்டுவது. சுவர் கனமாக இருந்தால் குறைவாக ஆடும். ஆனால் இதில் ஒரு கறாரான கணக்கு இருக்கிறது: எடையை இரட்டிப்பாக்கினால் 5 அல்லது 6 டெசிபல்தான் குறையும். 10 டெசிபல் குறைந்தால்தான் காதுக்குப் பாதியானதுபோல் தோன்றும். நம் 250 கிலோ சுவரை 500 ஆக்குவதென்றால் அது ஒன்பது அங்குலச் சுவர். கட்டி முடித்த ஃபிளாட்டில் அதற்கு வழியில்லை. ஒரு ஜிப்சம் போர்டை நேராகச் சுவரில் ஒட்டினால் கூடுவது எட்டு, ஒன்பது கிலோ. அதில் அரை டெசிபல்கூடக் கிடைக்காது.

அதனால் இரண்டாவது வழியான பிரிப்புதான் இங்கே பெரிய பலன் தரும். பழைய சுவரைத் தொடாமல், கொஞ்சம் இடைவெளி விட்டு, தன் காலிலேயே நிற்கும் இரண்டாவது சுவர் ஒன்றை எழுப்புவது. செங்கல் சுவரின் ஆட்டம் புதுச் சுவருக்குப் போக நடுவில் காற்று மட்டும்தான் வழி. அந்தக் காற்று ஒரு ஸ்பிரிங்காக வேலை செய்யும்.

ஸ்பிரிங் என்றால் அதற்கென்று ஒரு ஒத்ததிர்வும் உண்டு. அந்த அதிர்வெண்ணில் சத்தம் குறையாது, கூடவே செய்யும். அது எங்கே விழும் என்பதை ஏறக்குறைய இப்படிக் கணக்கிடலாம்:

```
f = 60 / √(m × d)
```

m என்பது புதுப் பலகையின் எடை, ஒரு சதுர மீட்டருக்குக் கிலோவில். d என்பது இடைவெளி, மீட்டரில். ஒற்றை ஜிப்சம் போர்டு 8.5 கிலோ, இடைவெளி 20 மி.மீ. என்றால் விடை 145 ஹெர்ட்ஸ் அளவில் வரும். ஆண் குரலின் அடிச்சுருதி கிட்டத்தட்ட அங்கேதான் இருக்கிறது. இடத்தை மிச்சப்படுத்த ஒட்டினாற்போல் ஒற்றைப் போர்டு அடித்தவர்கள் 'முன்னைவிட முணுமுணுப்பு அதிகமாயிருக்கு' என்று சொல்வது இதனால்தான். இரண்டு போர்டு போட்டு 17 கிலோ ஆக்கி, இடைவெளியை 70 மி.மீ. ஆக்கினால் 55 ஹெர்ட்ஸ் பக்கம் இறங்கிவிடும். பேச்சு அதற்கு வெகு மேலே இருப்பதால் நன்றாகத் தடைபடும்.

மூன்றாவது உறிஞ்சல். இரண்டு சுவருக்கும் நடுவில் வெறும் இடம் இருந்தால் சத்தம் அதற்குள் எதிரொலித்து வலுக்கும். அங்கே பஞ்சுபோல் இருக்கும் ராக்வுல் அல்லது கிளாஸ்வுல் வைத்தால் அடங்கும். அறையின் பக்கம் ஒட்டும்போது வீணாகும் உறிஞ்சல் இந்த இடைவெளிக்குள் போனால் பயன் தருகிறது.

படி 1: முதலில் ஓட்டை

போர்டு வாங்க ஓடாதீர்கள். 11 சதுர மீட்டர் சுவர் நன்றாக இருந்தால் 45 டெசிபல் வரை தடுக்கலாம். அதில் மொத்தமாக 10 சதுர செ.மீ. ஓட்டை, அதாவது ஒரு தீப்பெட்டியைவிடச் சிறிய இடம், இருந்தாலே போதும். அது 39 டெசிபலுக்கு இறங்கிவிடும். இரட்டிப்பு எடை தரும் பலன் முழுவதையும் ஒரு சின்ன ஓட்டை தின்றுவிடுகிறது.

பக்கத்து வீட்டில் சொல்லி, டி.வி.யை ஒரே அளவில் கொஞ்ச நேரம் ஓடவிடச் சொல்லுங்கள். நம் வீட்டில் ஃபேனை நிறுத்தி, ஜன்னலை மூடி, சுவர் ஓரமாகக் காதை வைத்துக்கொண்டு நகருங்கள். எங்கே சத்தம் திடீரென்று 'தெளிகிறதோ' அங்கே ஓட்டை. முதலில் பார்க்க வேண்டிய இடம் சுவர் உச்சியில் பீமைத் தொடும் கோடு. கடைசி வரிசைச் செங்கல்லுக்கு மேல் கலவையைச் சரியாகத் திணிக்காமல் மேலே பூச்சு மட்டும் பூசியிருப்பார்கள். அது காய்ந்து விரிசல் விட்டிருக்கும். அடுத்தது சுவிட்ச் பாக்ஸ். இரண்டு வீட்டு பாக்ஸும் நேருக்கு நேர் இருந்தால் நடுவில் மிஞ்சுவது மிக மெல்லிய சுவர்தான். அப்புறம் ஏ.சி. குழாய் போகும் துளை, பரணுக்குப் பின்னால் பூசாமல் விட்ட செங்கல்.

பெரிய இடைவெளியைச் சிமெண்ட் கலவையால் ஆழம் வரை திணித்து அடையுங்கள். மயிரிழை விரிசலுக்கு அக்ரிலிக் சீலன்ட். சுவிட்ச் பாக்ஸை மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை வைத்துக் கழற்றி, பின்பக்கத்தையும் பைப் நுழையும் இடத்தையும் அடைக்கச் சொல்லுங்கள். வாடகை வீட்டில் இருப்பவர்கள் இந்தப் படியோடு நிறுத்திக்கொள்ளலாம். செலவுக்குப் பலன் அதிகம் தருவது இதுதான்.

படி 2: ஒரு வார்த்தை பேசுங்கள்

டி.வி.யோ ஸ்பீக்கரோ அந்தப் பக்கம் பொதுச் சுவரிலேயே மாட்டியிருந்தால் அது காற்று வழியாக மட்டும் வராமல், சுவரையே நேராக ஆட்டும். "அக்கா, ஸ்பீக்கரை மட்டும் எதிர்ச் சுவர்ப் பக்கம் மாத்தி வைக்க முடியுமா? நானே ஆள் கூட்டிட்டு வந்து மாட்டித் தரேன்" என்று கேட்டுப் பாருங்கள். ஸ்டாண்டில் இறக்கி, அடியில் தடித்த ரப்பர் ஷீட் போட்டாலும் போதும். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் செருப்புக்குப் பயன்படுத்தும் ரப்பர் ஷீட்டே இதற்கு ஆகும்.

படி 3: தனியே நிற்கும் சுவர்

இரண்டும் செய்தும் போதவில்லை என்றால் இது. மொத்தத்தில் நான்கு அங்குலம் அறை குறுகும். சுவர் ஈரம் காக்கிறதென்றால், அல்லது அந்தப் பக்கம் குளியலறை என்றால், முதலில் கசிவை நிறுத்துங்கள். ஈரத்தை மூடிவைத்தால் உள்ளே பூஞ்சை பிடிக்கும்.

தரையிலும் கூரையிலும் தகரச் சேனல் அடிக்க வேண்டும். செங்கல் சுவரிலிருந்து 20 மி.மீ. தள்ளி, சேனலுக்கு அடியில் ஃபோம் டேப் ஒட்டி அடியுங்கள். மெல்லிய ஃபோமுக்கு இந்த வேலையில் இடம் இதுதான். போர்டைத் தாங்கும் செங்குத்துத் தகரச் சட்டங்களான 50 மி.மீ. ஸ்டட்களை இரண்டடிக்கு ஒன்றாக நிறுத்துங்கள். இங்கேதான் வேலை கெடும். உறுதிக்காக ஸ்டட்டைச் செங்கல் சுவரோடு கிளாம்ப் போட்டு இணைப்பது தச்சர்களுக்குப் பழக்கம். ஒரு கிளாம்ப் போட்டாலும் ஆட்டம் அது வழியாகக் கடந்துவிடும். 'சுவரைத் தொடவே கூடாது' என்று வேலை தொடங்கும்முன் சொல்லிவிட்டு, பக்கத்திலேயே நில்லுங்கள். ஆடும் என்று பயந்தால் ஸ்டட்டை நெருக்கமாகப் போடச் சொல்லுங்கள்.

ஸ்டட்களுக்கு நடுவே 50 மி.மீ. ராக்வுல், இடைவெளி இல்லாமல், ஆனால் அமுக்காமல். கையுறையும் மாஸ்க்கும் கட்டாயம். அதன்மேல் 12.5 மி.மீ. ஜிப்சம் போர்டு இரண்டு அடுக்கு. முதல் அடுக்கின் இணைப்புக் கோட்டின் மேல் இரண்டாம் அடுக்கின் கோடு வரக் கூடாது. நான்கு ஓரத்திலும் 5 மி.மீ. விட்டு, அதை அக்ரிலிக் சீலன்டால் நிரப்புங்கள். புட்டி போட்டால் விரிசல் விடும். புதுச் சுவரில் சுவிட்ச் பாக்ஸுக்கு வெட்டாதீர்கள். தேவையென்றால் மேலே ஒட்டும் பாக்ஸ் வைத்துக்கொள்ளலாம். போர்டு மட்டும் கிட்டத்தட்ட 190 கிலோ வரும். 12 அடிக்குப் பரவி நிற்பதால் கான்கிரீட் தளத்துக்கு இது சாதாரணமாகப் பெரிய சுமை இல்லை. பழைய கட்டடமாக இருந்தால் மட்டும் ஒரு பொறியாளரிடம் கேட்டுவிடுங்கள்.

படி 4: காதை வைத்துச் சோதனை

அந்தப் பக்கம் டி.வி. 75 டெசிபல் என்று வையுங்கள். ஓட்டையோடு இருந்த சுவர் 39 தடுத்தால், இங்கே 36 வரும். அமைதியான இரவில் வசனம் புரியும். ஓட்டையை அடைத்தால் 30. புதுச் சுவர் இன்னும் 10 குறைத்தால் 20, ஃபேன் சத்தத்துக்குள் மறைந்துவிடும். அறையின் அளவு, கட்டில், துணிகளைப் பொறுத்து இது கொஞ்சம் மாறும்.

வேலை முடிந்ததும் புதுச் சுவரில் காதை ஒட்டுங்கள். பிறகு பக்கச் சுவரிலும் ஒட்டிப் பாருங்கள். பக்கச் சுவரில் அதிகம் கேட்டால், மீதிச் சத்தம் தளம், பீம், பக்கச் சுவர் வழியாகச் சுற்றி வருகிறது என்று அர்த்தம். இதற்குமேல் பொதுச் சுவரில் இன்னொரு போர்டு அடித்துப் பயனில்லை. ஜன்னலருகே அதிகம் கேட்டால், ஒரு ஜன்னலில் வெளியேறி அடுத்த ஜன்னலில் நுழைகிறது. கத்திரி வெயிலில் ஜன்னலைத் திறந்து போட்டுத் தூங்கும் வீட்டுக்கு இந்தச் சுவர் வேலையால் பெரிய பலன் இருக்காது. ஏ.சி. போட்டு ஜன்னலை மூடும் அறைக்கே இது பொருந்தும்.

மாடியில் நடக்கும் சத்தம், நாற்காலி இழுப்பது, கிரைண்டர் அதிர்வு ஆகியவையும் இந்தச் சுவரால் குறையாது. அவை தளத்தையே தட்டி வருபவை. நாற்காலிக் காலுக்கு ஃபெல்ட் ஒட்டுவது, கிரைண்டருக்கு அடியில் ரப்பர் வைப்பது என்று மேல்வீட்டில்தான் செய்ய வேண்டும்.