ஜீப் ஸ்டிக்கர்: வெள்ளை விளிம்பும் வெட்டுக்கோடும் சரியாக வர

கம்பத்திலிருந்து விடியற்காலையில் ஆள் ஏற்றிக்கொண்டு, கம்பமெட்டு வழியாக வண்டன்மேட்டு ஏலத்தோட்டங்களுக்குப் போகும் ஜீப்களில் எங்கள் சித்தப்பாவுடையதும் ஒன்று. அதன் போட்டோவை கார்ட்டூன் மாதிரி மாற்றி, வண்டியின் வடிவத்திலேயே வெட்டிய ஸ்டிக்கராக வேண்டும் என்றார். இரண்டாவது தடவைதான் சரியாக வந்தது. இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளில்தான் செய்தேன். இலவசம், இந்த வேலைக்கு அதுவே போதும்.

முதலில் அளவு. போட்டோவைக் கொண்டுவந்ததும் ஜீப் 75 மி.மீ. அகலம் வரும்படி சுருக்கிவிடுங்கள். அளவைக் கடைசியில் மாற்றினால் விளிம்பும் சேர்ந்து பெருக்கும், சிறுக்கும்.

அப்புறம் பேனா கருவியால் ஜீப்பைச் சுற்றி ஒரு கோடு வரைந்து மூடுங்கள். தானாகத் தேர்ந்தெடுக்கும் கருவிகளை நான் நம்புவதில்லை. டயருக்கு அடியில் விழும் நிழலையும் வண்டியோடு சேர்த்துக்கொள்கின்றன. கையால் வரைந்தால் அரை மணி நேரம் ஆகும், ஆனால் விளிம்பு பிசிறில்லாமல் இருக்கும். ஏரியல் கம்பியை விட்டுவிட்டேன். அதைச் சுற்றி வெட்டினால் ஒல்லியாக ஒரு வால் நீளும், உரிக்கும்போது அது மடங்கிக்கொள்ளும்.

போட்டோவைத் தேர்ந்தெடுத்து `Path > Trace Bitmap` போய், `Multicolor` தாவலில் 8 ஸ்கேன் வைத்து, `Stack` டிக் செய்யுங்கள். நிறங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கப்படுவதால் நடுவில் இடைவெளி தெரியாது. புள்ளி புள்ளியாக வந்தால் `Speckles` எண்ணைக் கூட்டுங்கள். பழைய போட்டோவை அழித்துவிட்டு, வரைந்த கோட்டின் நகல் ஒன்றை ஓவியத்தின் மேலே வைத்து, இரண்டையும் தேர்ந்தெடுத்து `Object > Clip > Set Clip` கொடுத்தால் வெளியே இருப்பதெல்லாம் மறைந்துவிடும். அசல் கோட்டைப் பத்திரமாக வைத்திருங்கள், அடுத்த வேலை முழுக்க அதை வைத்துத்தான்.

நான் தடுக்கியது இங்கேதான். 3 மி.மீ. வெள்ளை விளிம்பு வேண்டும் என்று கோட்டின் தடிமனை 3 மி.மீ. என்று போட்டேன். பாதிதான் வந்தது. காரணம், தடிமனில் பாதி கோட்டுக்கு உள்ளே போகிறது, மீதிப் பாதிதான் வெளியே தெரிகிறது. 3 மி.மீ. வெளியே வேண்டுமென்றால் 6 மி.மீ. கொடுக்க வேண்டும்.

அசல் கோட்டை இரண்டு நகல் எடுத்து, இரண்டுக்கும் உள்நிறம் நிரப்பிக்கொள்ளுங்கள். ஒன்றுக்குத் தடிமன் 6 மி.மீ., இது வெட்டுக்கோடு. இன்னொன்றுக்கு 10 மி.மீ. கொடுத்தால் 5 மி.மீ. வெளியே போகும். இதுதான் வெள்ளை. வெட்டுக்கோட்டைத் தாண்டி நிற்கும் 2 மி.மீ.தான் ப்ளீட். இரண்டிலும் மூலை வடிவத்தை `Round join` ஆக்குங்கள், இல்லாவிட்டால் பக்கக் கண்ணாடியின் முனை முள் மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். பிறகு ஒவ்வொன்றுக்கும் இந்த வரிசை:

```
Path > Stroke to Path
Object > Ungroup
Path > Union
```

கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவில் இருந்த சந்து இப்போது தானாக அடைந்திருக்கும். இரண்டு பக்கமும் 3 மி.மீ. வளர்வதால் 6 மி.மீ.க்குக் குறைந்த சந்து எதுவும் தங்காது. அது நல்லதுதான், குறுகிய சந்துக்குள் கத்தி திரும்பினால் அந்த முனைதான் முதலில் பெயரும்.

பெரிய வடிவத்தை வெள்ளையாக்கி ஓவியத்துக்கு அடியில் தள்ளுங்கள். சின்னதை மேலே தனி லேயரில் வைத்து, உள்நிறத்தை எடுத்துவிட்டு, மெல்லிய மெஜந்தா கோடாக மாற்றுங்கள். லேயருக்கு `CutContour` என்று பெயர் வைத்தேன், பிரிண்ட் கடைக்காரர்களுக்குப் பழகிய பெயர். பெயர் மட்டும் போதாது, வெட்டும் மெஷினுக்கு அந்தக் கோட்டை அவர்கள்தான் குறித்துக் கொடுக்க வேண்டும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். முதல் தடவை நான் சொல்லவில்லை. குமுளிக் கடையில் ஃபைலைத் திறந்ததும் “கட் லைன் எவிடெ?” என்றுதான் கேட்டார்கள்.

வெள்ளைத் தாளில் வெள்ளை விளிம்பு கண்ணுக்குத் தெரியாது. பார்ப்பதற்காக அடியில் ஒரு சாம்பல் நிறக் கட்டம் போட்டிருந்தேன், அதை அழிக்காமலே கொடுத்துவிட்டேன். அப்போது என் வெள்ளை வெட்டுக்கோட்டோடு நின்றிருந்தது. கத்தி அரை மில்லி நகர்ந்திருக்கும், அவ்வளவுதான். கதவுப் பக்கம் முழுக்க நூல் மாதிரி ஒரு சாம்பல் கோடு. வெள்ளை 2 மி.மீ. வெளியே போயிருந்தால் அந்த நகர்வு தெரிந்தே இருக்காது. ஃபைலை PDF ஆக்கும் முன் கட்டத்தை அழியுங்கள், ப்ளீட்டையும் விடாதீர்கள்.

சேர்த்தது: வெள்ளை வினைலில் வெள்ளைக்கு எதற்கு ப்ளீட் என்று ஒருவர் கேட்டிருந்தார். பின்னால் எதுவும் இல்லையென்றால் அங்கே அது இல்லாமலும் ஒப்பேற்றலாம். நாளைக்கு விளிம்பை மஞ்சளாக்கினால் முடியாது, நகர்ந்த இடமெல்லாம் வெள்ளை எட்டிப் பார்க்கும். கண்ணாடி மாதிரி தெரியும் ஃபிலிமில் அடிப்பதாக இருந்தால் கடையில் வெள்ளை மை உண்டா என்று முதலில் கேளுங்கள். சாதாரண பிரிண்டர் வெள்ளையை அச்சடிக்காது, அந்த இடத்தை வெறுமனே விட்டுவிடும். ஹெல்மெட்டில் ஒட்டினால் விளிம்பு இருக்க வேண்டிய இடத்தில் ஹெல்மெட்டின் நிறம்தான் தெரியும்.