லீவு மெசேஜில் ஐந்து முறை மன்னிப்பு எதற்கு?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறிய குழுவைக் கவனித்துக்கொண்டிருந்தேன். அதில் ஒருவர் ஒரு நாள் காலையில் அனுப்பிய மெசேஜ் ஏறக்குறைய இப்படி இருந்தது:

> வணக்கம் மேடம், காலையிலேயே தொந்தரவு செய்வதற்கு முதலில் மன்னிக்கவும். நேற்று இரவிலிருந்து கடுமையான காய்ச்சல், இரண்டு முறை வாந்தி வேறு, தூங்கவே இல்லை. எப்படியாவது வந்துவிடலாம் என்றுதான் விடியும்வரை பார்த்தேன், எழுந்து நிற்கவே முடியவில்லை. அதனால் இன்று ஒரு நாள் மட்டும் லீவு எடுத்துக்கொள்ளலாமா மேடம்? வேலை அதிகமாக இருக்கும் நேரத்தில் இப்படிச் செய்வதற்கு உண்மையிலேயே வருந்துகிறேன். 11 மணிக்கு மீட்டிங் இருப்பது தெரியும், அதற்கும் மன்னிக்கவும். கொஞ்சம் சரியானால் வீட்டிலிருந்தே பார்க்க முயற்சி செய்கிறேன். தயவுசெய்து தவறாக நினைக்க வேண்டாம். மீண்டும் மன்னிக்கவும் மேடம்.

படித்ததும் பாவமாக இருந்தது. "பரவாயில்லை, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பதில் போட்டுவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். மீட்டிங்குக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதுதான் உறைத்தது: அன்று காட்ட வேண்டிய கணக்கு அவரிடம்தான் இருக்கிறது. ஃபைல் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. காய்ச்சலில் படுத்திருந்தவரை மூன்று முறை போன் செய்து எழுப்பினோம். யாருக்கும் தொந்தரவு தரக் கூடாது என்றுதானே அவர் அவ்வளவு மன்னிப்பும் கேட்டிருந்தார்!

மெசேஜைத் திரும்ப எடுத்துப் பார்த்தபோதுதான் கோளாறு எங்கே என்று புரிந்தது. மொத்தம் ஒன்பது வாக்கியங்கள். அவற்றில் ஐந்து, ஏதோ ஒரு வடிவில் மன்னிப்பு. வேலையைப் பற்றி இருப்பது "மீட்டிங் இருப்பது தெரியும்" என்பது மட்டும்தான். மீட்டிங்கை நினைத்ததும் அவருக்குக் குற்ற உணர்ச்சி வந்தது, மன்னிப்புக் கேட்டார், மனம் ஆறிவிட்டது. ஃபைல் எங்கே, யார் பேசுவார்கள் என்று எழுதியிருக்க வேண்டிய இடத்தில் மன்னிப்பு உட்கார்ந்துகொண்டது. மன்னிப்பு நீளும்போது நிகழ்கிற உண்மையான இழப்பு இதுதான். எழுதியவர் பொறுப்பாக நடந்துகொண்டதாக நினைக்கிறார். படிப்பவர் கையிலோ ஒன்றும் வந்து சேரவில்லை.

லீவு மெசேஜைப் பெறுபவருக்குத் தெரிய வேண்டியவை மூன்று. இன்று நீங்கள் வருகிறீர்களா? இன்றைய வேலை யார் கையில்? எப்போது திரும்புவீர்கள்? மேலே உள்ள மெசேஜில் முதல் கேள்விக்கான பதில் நான்காவது வாக்கியத்தில்தான் வருகிறது, அதுவும் இன்னொரு கேள்வியாக. போன் திரையில் எட்டிப் பார்க்கும் அறிவிப்பிலோ "காலையிலேயே தொந்தரவு செய்வதற்கு முதலில்…" என்ற அளவுதான் தெரியும். வணக்கத்துக்கு அடுத்த வாக்கியத்திலேயே லீவுச் செய்தி இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

இனி, அந்த "எடுத்துக்கொள்ளலாமா?" பணிவுக்காகப் போட்ட கேள்விக்குறி அது. ஆனால் எழுந்து நிற்க முடியாதவருக்கு "வேண்டாம், வாருங்கள்" என்று யாரும் பதில் சொல்லப் போவதில்லை. ஏற்கெனவே முடிவாகிவிட்ட ஒன்றை மேலதிகாரியின் தலையில் முடிவாக ஏற்றுகிறோம். அவர் பதில் போடும்வரை நமக்கும் படபடப்பு. "எடுக்கலாம் என்று நினைக்கிறேன்" என்பதும் இதே ரகம்தான். உடம்பு முடியாத நாளில் "லீவு எடுத்துக்கொள்கிறேன்" என்பதே சரியான வினை. அடுத்த வாரத்துக்கான லீவு என்றால் கதை வேறு. அங்கே அனுமதி உண்மையாகவே அவர் கையில் இருக்கிறது, எனவே "வரும் வெள்ளிக்கிழமை லீவு வேண்டும், எடுத்துக்கொள்ளலாமா?" என்ற கேள்வி பொருத்தமானது. கேள்வி கேட்பதா, தகவல் சொல்வதா என்பதைப் பயம் முடிவு செய்யக் கூடாது. முடிவு யார் கையில் இருக்கிறது என்பதைப் பார்த்து எழுதுங்கள். உங்கள் அலுவலகத்தில் ஒரு நாள் லீவுக்கும் முன் அனுமதி கட்டாயம் என்று விதி இருந்தால், அந்த விதிப்படி கேட்டுவிடுங்கள். ஒரு முறை கேட்டால் போதும்.

நோயை விவரிப்பது அடுத்த தவறு. வாந்தி எத்தனை முறை, தூக்கம் எத்தனை மணி நேரம் என்று சாட்சி சொல்வதுபோல் எழுதுகிறோம், நம்ப மாட்டார்களோ என்ற அச்சத்தில். ஆனால் கேட்காத ஆதாரத்தை அடுக்கும்போதுதான் படிப்பவருக்குச் சந்தேகமே எட்டிப் பார்க்கிறது. "காய்ச்சலாக இருப்பதால்" போதும். சொல்ல விருப்பமில்லாத காரணம் என்றால் "உடல்நிலை காரணமாக" அல்லது "வீட்டில் ஒரு அவசரம்" என்று நிறுத்திக்கொள்ளலாம். மருத்துவச் சான்றிதழ் கேட்கும் இடமாக இருந்தால் அதைத் தனியாக அனுப்புங்கள். அந்தச் சான்றிதழின் வேலையை மெசேஜ் செய்ய வேண்டியதில்லை.

"வீட்டிலிருந்தே பார்க்க முயற்சி செய்கிறேன்" என்ற வரியைத்தான் நான் எல்லாவற்றையும்விட அஞ்சுகிறேன். லீவு எடுத்ததற்கு ஈடாக எதையாவது தந்துவிட வேண்டும் என்ற தவிப்பில் பிறக்கும் வரி அது. அதைப் படிக்கிற குழு, வேலையை வேறொருவருக்குத் தருவதா, உங்களுக்காகக் காத்திருப்பதா என்று தெரியாமல் நிற்கும். உண்மையிலேயே முடியும் என்றால் அளவோடு சொல்லுங்கள்: "மதியம் 3 மணிக்கு மேல் மெயில் பார்ப்பேன்." முடியாது என்றால் அந்த வரியே வேண்டாம்.

இவற்றையெல்லாம் வெட்டும்போது பலருக்கு வரும் பயம், மரியாதையும் சேர்ந்து போய்விடுமோ என்பது. நியாயமான பயம்தான், ஏனென்றால் தவறாக வெட்டினால் போகத்தான் செய்யும். ஆனால் தமிழில் மரியாதை இருப்பது மன்னிப்பில் அல்ல, வினைமுற்றிலும் விளியிலும். "வணக்கம் மேடம்", "அழையுங்கள்", "அவர் விளக்குவார்", "நன்றி" ஆகியவை ஒவ்வொன்றும் மரியாதையைச் சுமந்துகொண்டுதான் வருகின்றன. இவற்றில் கை வைக்காதீர்கள். "இன்னைக்கு லீவு" என்று இரண்டே சொல்லில் அனுப்புவது சுருக்கம்தான், ஆனால் அது நண்பனுக்கு அனுப்புவது.

வெட்டும்போது கவனிக்க வேண்டிய இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று "முடியாது". "இன்று வர முடியாது" என்று தனியாக நிற்கும்போது, யாரோ கூப்பிட்டு நாம் மறுத்ததுபோல் ஒலிக்கும். "வர மாட்டேன்" இன்னும் மோசம், அதில் வர விருப்பமில்லை என்ற தொனி வந்துவிடுகிறது. "வர முடியவில்லை" என்றால் அது நிலைமையைச் சொல்வது. மன்னிப்பு ஏதும் சேர்க்காமலே கடுமை போய்விடுகிறது. இன்னொன்று "-வும்" என்ற விகுதி. "தயவுசெய்து கோப்பைப் பார்க்கவும்" என்பதில் கெஞ்சல் வேண்டாம் என்று முதல் சொல்லை மட்டும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது "கோப்பைப் பார்க்கவும்". அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்ததுபோல் இருக்கும், மேலதிகாரிக்கு அனுப்ப ஏற்றதல்ல. "பாருங்கள்" அல்லது "பார்த்துக்கொள்ள முடியுமா?" என்று வினையை மாற்றினால் "தயவுசெய்து" இல்லாத குறையே தெரியாது.

அதே மெசேஜை இப்போது திருத்திப் பார்க்கலாம். காலை நேரத்துத் தொந்தரவுக்கான மன்னிப்பு போகிறது. லீவு சொல்ல அதுதான் சரியான நேரம். விடியும்வரை பார்த்த கதை போகிறது. காரணம் இரண்டு சொல்லாகச் சுருங்குகிறது. "தவறாக நினைக்க வேண்டாம்" கட்டாயம் போக வேண்டும், அதுவரை தவறாக நினைக்காதவருக்கும் அப்படி நினைக்க வழி காட்டுகிற வாக்கியம் அது. பிறகு, அனுப்புவதற்கு முன் இரண்டு நிமிட வேலை ஒன்று இருக்கிறது: ஃபைல் எங்கே என்று பார்ப்பது, பேசக்கூடிய ஒருவருக்குப் போன் செய்வது.

> வணக்கம் மேடம். காய்ச்சலாக இருப்பதால் இன்று லீவு எடுத்துக்கொள்கிறேன். 11 மணி மீட்டிங்குக்கான கணக்கு டீம் ஃபோல்டரில் "மார்ச் செலவு" என்ற பெயரில் இருக்கிறது. கணக்குப் பிரிவில் பேசிவிட்டேன், அவர்கள் விளக்குவார்கள். நாளை வந்துவிடுவேன், முடியாவிட்டால் இன்று மாலை 6 மணிக்குள் சொல்கிறேன். நன்றி மேடம்.

ஏறக்குறைய பாதிச் சொற்கள்தான். ஆனால் முன்பு இல்லாத நான்கு தகவல்கள் இதில் இருக்கின்றன: ஃபைலின் இடம், அதன் பெயர், விளக்கப் போகிறவர்கள், அடுத்த செய்தி எப்போது வரும் என்பது. படிப்பவர் "சரி, ஓய்வெடுங்கள்" என்று ஒரு வரி எழுதிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். இந்த மெசேஜில் தெரிகிற உறுதி, தொனியை மாற்றியதால் மட்டும் வந்ததல்ல. அந்த இரண்டு நிமிட வேலையிலிருந்தும் வந்தது. போன் செய்யக்கூட முடியாத நிலை என்றால் அதையும் நேராகச் சொல்லலாம்: "மீட்டிங்குக்கு யாரிடமும் இன்னும் பேசவில்லை. யாரையாவது ஏற்பாடு செய்ய முடியுமா?" இதுவும் மன்னிப்பைவிட உதவியாக இருக்கும், ஏனென்றால் அவருக்கு ஏற்பாடு செய்ய நேரம் கிடைக்கிறது.

அப்படியானால் மன்னிப்பே கேட்கக் கூடாதா? கேட்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. நீங்கள் வாக்குக் கொடுத்து, அதை நம்பி ஒருவர் காத்திருந்து, உங்கள் லீவால் அவர் வேலை கெடுகிறது என்றால் அவரிடம் கேளுங்கள். குழு முழுவதற்கும் பொதுவாக வேண்டாம், அந்த ஒருவரிடம். அதுவும் ஒரு முறை, எதற்காக என்பதைச் சேர்த்து: "இன்று மாலை தருவதாகச் சொன்ன அறிக்கை நாளை மதியம்தான் கிடைக்கும், தாமதத்துக்கு வருந்துகிறேன்." புதிய நேரம் முன்னால் வருகிறது, வருத்தம் பின்னால் வருகிறது. காய்ச்சல் வந்ததற்காகக் கேட்கிற மன்னிப்புகளை நிறுத்தினால்தான் இந்த ஒரு மன்னிப்புக்கு எடை இருக்கும்.

மெசேஜை நன்றாகச் சுருக்கி எழுதிவிட்டு, பதில் வர அரை மணி நேரம் ஆனதும் "மேடம், பார்த்தீர்களா? சாரி" என்று இன்னொன்று அனுப்புபவர்களும் உண்டு. முதல் மெசேஜ் கேள்வியாக இல்லாதபோது பதிலுக்காகக் காத்திருக்க வேண்டியதே இல்லை. அனுப்பியதும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுங்கள். மறுநாள் திரும்பி வந்ததும் ஒவ்வொரு மேசையாகப் போய் "நேற்று சாரி" என்று சொல்வதும் இதே பழக்கத்தின் மிச்சம். உங்களுக்குப் பதிலாக மீட்டிங்கில் பேசியவரிடம் போய், "நேற்று சமாளித்ததற்கு நன்றி, ஏதாவது கேள்வி வந்ததா?" என்று கேளுங்கள். அவர் செய்த வேலையையும் மதித்ததாக இருக்கும், விட்ட இடத்திலிருந்து உங்கள் வேலையும் தொடங்கிவிடும்.